பதிகம் கற்றுத்தரும் பக்திச் சேனல்: பெயர் முதல் ஐந்தாவது வீடியோ வரை

யூடியூபில் பக்திச் சேனல் தொடங்க நினைப்பவர்கள் பலரும் முதல் வேலையாகப் பெயரையும் சாமி படத்தையும் தேடுகிறார்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு வாக்கியத்தை எழுதிக்கொள்ளுங்கள். யார் பார்க்கப் போகிறார்கள், பார்த்து முடித்தபின் அவர்களால் என்ன செய்ய முடியும் என்பதுதான் அந்த வாக்கியம். பெயர், அறிமுகம், பேனர், முதல் ஐந்து வீடியோ எல்லாமே அதிலிருந்துதான் வரும்.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரே ஒரு சேனலை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். அதன் வாக்கியம் இது: “தேவாரம் பாட ஆசை இருந்தும் புத்தகத்தைப் பிரித்தால் வாய் தடுமாறுகிற பெரியவர்கள், ஒரு பதிகத்தை வரிவரியாகக் கற்றுக்கொண்டு தாங்களாகவே பாடுவார்கள்.” இப்படி எழுதியதுமே ராசிபலன், கோயில் சுற்றுலா, பண்டிகை வாழ்த்து எல்லாம் வெளியே போய்விடுகின்றன. அவை கெட்டவை என்பதால் அல்ல. பதிகம் கற்க வந்தவர் ராசிபலனைத் தட்டமாட்டார். ராசிபலன் பார்க்க வந்தவர் ஐந்து நிமிடம் உட்கார்ந்து வரி கற்கமாட்டார். ஒரே சேனலில் இரண்டையும் போட்டால் ஒவ்வொரு வீடியோவும் பாதிப் பேருக்குத் தேவையில்லாததாக ஆகிவிடும்.

பெயர் வைப்பது

பக்திச் சேனல்களில் ஓம், பக்தி, தெய்வீகம், அருள் என்ற நான்கு சொற்கள் ஏற்கெனவே ஆயிரக்கணக்கான பெயர்களில் இருக்கின்றன. இவற்றைச் சேர்த்து நீங்கள் என்ன பெயர் வைத்தாலும், தேடுகிறவருக்கு உங்களுக்கு முன்னால் பத்துச் சேனல்கள் வந்து நிற்கும். சேனலின் பெயர் தனித்ததாக இருந்தாக வேண்டும் என்று யூடியூப் கட்டாயப்படுத்துவதில்லை. ஒரே பெயரில் பலர் இருக்கலாம். அதனால் தேடிப் பார்க்கிற பொறுப்பு உங்களுடையது.

பெயர் ஒரு வாக்குறுதியும் கூட. “தினம் ஒரு பதிகம்” என்று வைத்துவிட்டால் வாரத்துக்கு ஒன்று போடுகிறவர் ஒவ்வொரு நாளும் சொல் தவறியவர் ஆகிறார். “பண்ணிசை” என்று வைத்தால் பண் இலக்கணம் அறிந்தவர்கள் வந்து நுணுக்கமாகக் கேட்பார்கள், அதற்கு உங்களிடம் பயிற்சி இருக்க வேண்டும். என்ன செய்யப் போகிறீர்களோ அதையே பெயர் சொல்லட்டும். நம் எடுத்துக்காட்டுக்கு “பதிகம் வரிவரியாக” என்று வைத்துக்கொள்வோம். நீளம்தான், ஆனால் கேட்டவுடன் விஷயம் புரிகிறது.

அடுத்தது ஹேண்டில். இது @ குறியோடு வருகிற முகவரி. இது மட்டும் உலகத்தில் ஒருவருக்கே சொந்தம். 3 முதல் 30 எழுத்துக்குள் இருக்க வேண்டும். இங்கேதான் தமிழ்ப் பெயருக்கே உரிய ஒரு சிக்கல் வருகிறது. ழ, த, ச போன்றவற்றை ஆளுக்கு ஒரு விதமாக ஆங்கில எழுத்தில் தட்டுகிறோம். “ஓதிப் பழகு” என்று பெயர் வைத்தால் pazhagu, palagu, pazagu என்று மூன்று விதமாகத் தேடுவார்கள். ஓதி என்பதற்கு odhi, othi, oothi. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். ஆகவே பெயரைத் தேர்ந்தெடுக்கும்போதே ஒரு சோதனை செய்யலாம்: தொலைபேசியில் நாலு பேரிடம் பெயரைச் சொல்லி, அவர்களை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்பச் சொல்லுங்கள். நாலும் ஏறக்குறைய ஒன்றாக வந்தால் நல்ல பெயர்.

நம் பெயரில் “பதிகம்” என்பது pathigam, padhigam, pathikam என்று வரலாம். ஹேண்டிலுக்கு @pathigamvari என்று சுருக்கமாக எடுத்துக்கொண்டு, மற்ற எழுத்துக்கூட்டல்களை யூடியூப் ஸ்டூடியோவில் Settings, Channel, Basic info என்று போனால் வருகிற Keywords பெட்டியில் போட்டுவிடலாம். அது தேடலுக்குக் கொஞ்சம்தான் உதவும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். பெயரையும் ஹேண்டிலையும் 14 நாளுக்குள் இரண்டு முறைதான் மாற்ற முடியும் என்பதால், சேனல் திறந்த பிறகு யோசிக்கலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

சேனலைத் திறந்ததும் கைபேசி எண்ணைக் கொடுத்துச் சரிபார்ப்பை முடித்துவிடுங்கள். அதைச் செய்யாவிட்டால் 15 நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோ ஏற்ற முடியாது. அதைவிட முக்கியமாக, நீங்களே செய்த முகப்புப் படத்தை வீடியோவுக்கு வைக்க முடியாது.

அறிமுக உரை

அறிமுகத்துக்கு 1,000 எழுத்து வரை இடம் உண்டு. ஆனால் சேனல் பக்கத்தில் முதல் வரி மட்டும்தான் உடனே கண்ணில் படும். மிச்சத்தைத் தட்டித் திறந்தால்தான் படிக்கலாம். அந்த முதல் வரியை “அனைவருக்கும் வணக்கம், எங்கள் சேனலுக்கு அன்புடன் வரவேற்கிறோம்” என்று செலவழித்துவிடுகிற சேனல்கள் ஏராளம். வணக்கத்தை வீடியோவில் சொல்லிக்கொள்ளலாம். நம் சேனலுக்கு நான் எழுதுவது இப்படி இருக்கும்:

“தேவாரப் பதிகங்களை மெதுவாக, வரிவரியாகப் பாடக் கற்றுக்கொள்ளும் இடம். இசை தெரியாதவர்களும் தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களும் சேர்ந்து பாடலாம். ஒவ்வொரு பதிகத்துக்கும் முதலில் முழுப் பாடல், அப்புறம் பாட்டுப் பாட்டாகப் பயிற்சி, இடையே பொருளும் வரலாறும். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு புதிய பாடம். பாடல் வரிகள் ஒவ்வொரு வீடியோவின் கீழும் உள்ளன. உச்சரிப்பில் பிழை கண்டால் கமெண்டில் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறோம். இந்தச் சேனல் யாரிடமும் காணிக்கையோ நன்கொடையோ கேட்பதில்லை. பரிகாரம், ஜோதிடம் சொல்வதும் இல்லை.”

கடைசி இரண்டு வாக்கியங்களும் தேவையா என்று தோன்றலாம். தேவை. பக்திச் சேனல்களின் கமெண்ட் பகுதியில் அதே பெயரும் படமும் வைத்துக்கொண்டு வேறு யாரோ வந்து, “உங்கள் கஷ்டம் தீர இந்த எண்ணுக்கு எழுதுங்கள்” என்று பதில் போடுவது நடக்கிறது. நம்பிப் பணம் இழப்பவர்கள் பெரும்பாலும் மனச்சுமையோடு வந்த வயதானவர்கள். நீங்கள் கேட்பதில்லை என்று எழுத்தில் இருந்தால், சந்தேகப்படுகிறவருக்கு அது ஒரு பிடி.

பேனரும் முகப்படமும்

பேனர் படம் 2560 × 1440 பிக்சல் அளவில் செய்யுங்கள்; கோப்பு 6 எம்பிக்குள் இருக்க வேண்டும். இந்தப் படம் முழுதாகத் தெரிவது தொலைக்காட்சியில் மட்டும். கணினியில் நடுவில் ஒரு பட்டைதான் தெரியும். கைபேசியில் அந்தப் பட்டையின் இரு ஓரங்களும் போய்விடும். எந்தத் திரையிலும் வெட்டுப்படாத பகுதி, படத்தின் சரியான நடுவில் 1546 × 423 பிக்சல் அளவுள்ள செவ்வகம் மட்டுமே. படம் செய்யத் தொடங்கும்போதே அந்தச் செவ்வகத்தைக் கோடு போட்டு வைத்துக்கொண்டு, எழுத்து எல்லாவற்றையும் அதற்குள் வையுங்கள்.

வேறு சேனல்களுக்கு இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம். பக்திச் சேனலுக்கு மரியாதை சம்பந்தப்பட்டது. நின்ற கோலத்தில் ஒரு தெய்வப் படத்தைப் பேனர் உயரம் முழுவதும் வைத்தால், கணினியில் திருமுடியும் திருவடியும் வெட்டுப்பட்டு இடுப்புப் பகுதி மட்டும் தெரியும். இப்படி எத்தனையோ பேனர்கள் இன்றும் இருக்கின்றன. வைத்தவர் தன் கணினியில் ஏற்றும்போது முழுப் படத்தைப் பார்த்துத் திருப்தியாகி, பிறகு சேனல் பக்கத்தைத் திறந்தே பார்த்திருக்கமாட்டார். தெய்வத் திருவுருவம் வேண்டுமென்றால் 423 பிக்சல் உயரத்துக்குள் முடியும் அடியும் அடங்கும்படி சிறிதாக, இடப்பக்கம் வையுங்கள். வலப்பக்கம் பெயரும் ஒரு வரியும் போதும். செவ்வகத்துக்கு வெளியே ஒரே நிறம், அல்லது வெட்டினாலும் பாதகமில்லாத கோபுரத்தின் நிழலுருவம் போன்ற ஏதாவது ஒன்று.

முகப்படத்திலும் இதே கதைதான். 800 × 800 பிக்சலில் சதுரமாக ஏற்றுகிறோம், அது வட்டமாக வெட்டப்படுகிறது. மூலையில் இருக்கிற எதுவும் நிற்காது. தவிர, நீங்கள் போடுகிற ஒவ்வொரு கமெண்டுக்குப் பக்கத்திலும் அது கடுகளவில் வரும். அந்த அளவில் சாமி முகம் அடையாளம் தெரியாது. ஒரு அகல்விளக்கோ, பெயரின் முதல் எழுத்தான “ப” என்பதோ இருந்தால் தெளிவாக இருக்கும்.

படத்தை எங்கிருந்து எடுப்பது? இணையத்தில் கிடைக்கிற தெய்வ ஓவியங்கள் பலவும் உயிரோடிருக்கும் ஓவியர்களுடையவை, அல்லது காலண்டர் நிறுவனங்கள் உரிமை வாங்கியவை. சாமி எல்லோருக்கும் பொது என்பதால் ஓவியமும் பொது ஆகிவிடாது. நீங்களே எடுத்த கோபுரப் படம், நீங்களே ஏற்றிய விளக்கின் படம் இவற்றில் வம்பில்லை. எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரன் போன்றவை கட்டணமின்றிப் பயன்படுத்தத் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. படத்தைச் சேமித்தபின் “கொ”, “ணை”, “ழு” போன்ற எழுத்துகள் உடையாமல் வந்திருக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள். சில படச் செயலிகள் கொம்பை எழுத்துக்குப் பின்னால் தள்ளிவிடும்.

எந்தப் பதிகம், யாருடைய உரிமை

முதல் ஐந்து வீடியோவும் ஒரே பதிகத்தைப் பற்றியதாக இருக்கட்டும் என்பேன். ஐந்து வெவ்வேறு பாடல்களை எடுத்தால் ஒன்றைப் பார்த்தவருக்கு அடுத்ததைப் பார்க்கக் காரணமில்லை. நம் சேனலுக்கு அப்பரின் நமச்சிவாயப் பதிகத்தை எடுத்துக்கொள்வோம். “சொற்றுணை வேதியன்” என்று தொடங்குவது. நான்காம் திருமுறையில் 11-ஆவது பதிகம். பண் காந்தார பஞ்சமம். பத்தே பாடல், ஒவ்வொன்றும் நான்கு வரி, எல்லாவற்றிலும் நமச்சிவாய வருகிறது, முதல் ஒன்பதும் அந்தச் சொல்லிலேயே முடிகின்றன. புதிதாகக் கற்பவருக்கு நான்காவது வரியின் முடிவு வீடு திரும்புவது போல வந்துவிடும்.

ஏழாம் நூற்றாண்டுப் பாடலுக்கு இன்று யாரும் உரிமை கேட்க முடியாது. மரபாக ஓதுவார்கள் பாடிவரும் பண்முறையும் பொதுச் சொத்துதான். ஆனால் ஒரு நிறுவனம் வெளியிட்ட ஒலிப்பதிவு அந்த நிறுவனத்துக்குச் சொந்தம். ஒருவர் புதிதாக மெட்டமைத்திருந்தால் அந்த மெட்டும் அப்படியே. எனவே பாடல் உங்கள் குரலில் இருக்க வேண்டும், பின்னணித் தம்புராவும் யாருடைய வீடியோவிலிருந்தும் எடுத்ததாக இருக்கக் கூடாது.

இவ்வளவு கவனமாக இருந்தும் உரிமைக் கோரிக்கை வரலாம். யூடியூபின் தானியங்கிப் பொருத்தம், ஒரே பாடலை ஒரே பண்ணில் பாடிய இரண்டு பதிவுகளைச் சில நேரம் ஒன்றென்று எடுத்துக்கொள்ளும். அதனால் வீடியோவை ஏற்றும்போது Checks என்ற படிநிலை முடியும்வரை காத்திருந்து, அங்கே என்ன சொல்கிறது என்று பாருங்கள். கோரிக்கை வந்தால் அது தண்டனை அல்ல, பயப்பட வேண்டாம். பாடியது நீங்கள், பாடல் பழமையானது என்பதை எழுதி மறுப்புத் தெரிவிக்கலாம். கோரியவர் பதில் சொல்ல 30 நாள் உண்டு. நீங்கள் பாடும்போது எடுத்த வெட்டாத பதிவை அழிக்காமல் வைத்திருங்கள்.

பாடல் வரிகளுக்கு இணையத்தில் கிடைப்பதை அப்படியே ஒட்டாதீர்கள். தட்டச்சுப் பிழைகள் ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்குப் பரவிக்கொண்டே இருக்கின்றன. அச்சிட்ட பதிப்பு இரண்டை வைத்து வரிவரியாக ஒப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

முதல் ஐந்து வீடியோ

முதல் வீடியோ முழுப் பதிகம், எழுத்து திரையில், மெதுவாக ஒரு முறை. ஒரு வரிக்கு 8 விநாடி என்றால் பாடலுக்கு 32. ஒவ்வொரு பாடலுக்குப் பின்னும் 6 விநாடி இடைவெளி. பத்துப் பாடலுக்கு 6 நிமிடம் 20 விநாடி ஆகும். முடிவில் அடுத்த வீடியோவைக் காட்ட 20 விநாடி. முன்னுரை வேண்டாம், முதல் விநாடியிலேயே பாடல் தொடங்கட்டும். இந்த வீடியோவை மக்கள் ஒரு முறை பார்த்துவிட்டுப் போகமாட்டார்கள். கூடப் பாடத் தினமும் திறப்பார்கள். நாற்பது விநாடி அறிமுகப் பேச்சை தினமும் கேட்க யாருக்கும் பொறுமை இருக்காது. வீடியோவின் கீழே முழுப் பாடல் வரிகளையும், அதற்கு மேலே நேரக் குறிப்புகளையும் போடுங்கள்:

```
0:00 பாடல் 1
0:38 பாடல் 2
1:16 பாடல் 3
1:54 பாடல் 4
```

இப்படியே பத்தும். முதல் குறிப்பு 0:00 ஆக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று குறிப்புகள் வேண்டும், ஒவ்வொரு பகுதியும் 10 விநாடியாவது இருக்க வேண்டும். இவை சரியாக இருந்தால் யூடியூப் தானாகவே வீடியோவைப் பகுதிகளாகப் பிரித்துக் காட்டும். ஏழாம் பாடலில் தடுமாறுகிறவர் நேராக அங்கே போகலாம்.

இரண்டாவது வீடியோதான் சேனலின் உயிர். முதல் பாடல் மட்டும், வரிவரியாக. திரையில் ஒவ்வொரு வரியையும் இரண்டு விதமாகக் காட்டுங்கள்: மேலே புத்தகத்தில் உள்ளபடி, கீழே சொல் பிரித்து. மூன்றாம் வரி “கற்றுணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும்” என்று அச்சில் இருக்கும். “கல் துணைப் பூட்டி ஓர் கடலில் பாய்ச்சினும்” என்று கீழே பிரித்துக் காட்டினால் கற்பவருக்கு எங்கே மூச்சு விடலாம் என்பது தெரிந்துவிடும். ஆனால் பாடும்போது மேலே உள்ளபடிதான் பாட வேண்டும், பிரித்த வடிவம் புரிவதற்கு மட்டும். இதை வீடியோவில் ஒரு வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் சிலர் பிரித்ததையே பாடிப் பழகிவிடுவார்கள்.

நீங்கள் ஒரு வரியைச் சொன்னபின் விடுகிற இடைவெளியில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். 8 விநாடி வரிக்கு 8 விநாடி விட்டால் போதாது. கேட்டவர் நினைவுபடுத்திக்கொண்டு தொடங்கவே ஒன்றிரண்டு விநாடி போகும், அவர் முடிப்பதற்குள் உங்கள் குரல் மேலே ஏறிவிடும். 10 விநாடி விடுங்கள். அந்த நேரம் முழுவதும் தம்புரா ஒலித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒலி நின்றால் சுருதி கைவிட்டுப் போகும், வீடியோ நின்றுவிட்டது என்றும் நினைப்பார்கள். ஒவ்வொரு வரியையும் ஒரு முறை வாசித்து, இரண்டு முறை பாடி, ஒவ்வொன்றுக்கும் இடைவெளி விட்டால் வரிக்கு 54 விநாடி. நான்கு வரி, பிறகு இரண்டிரண்டு வரியாகச் சேர்த்து ஒரு முறை, கடைசியில் பாடல் முழுவதும் ஒரு முறை. மொத்தம் ஏறத்தாழ ஐந்தரை நிமிடம்.

மூன்றாவது வீடியோவில் இரண்டாம் பாடலும் மூன்றாம் பாடலும் அதே முறையில். புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம். அமைப்பு மாறாமல் இருப்பதே கற்பவருக்கு வசதி.

நான்காவது வீடியோ பொருளும் வரலாறும். கல்லில் கட்டிக் கடலில் விட்டபோது அப்பர் இந்தப் பதிகம் பாடினார், கல்லே தெப்பமாகித் திருப்பாதிரிப்புலியூர்க் கரையில் சேர்த்தது என்று பெரியபுராணம் சொல்கிறது. முதல் பாடலைத் திணறித் திணறிக் கற்றவருக்கு, அந்த “கற்றுணை” என்ற சொல் இந்த இடத்தில் திறக்கும். அதனால்தான் இதை முதல் வீடியோவாக வைக்காமல் நான்காவதாக வைக்கிறேன். ஏழு நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம்.

ஒலிப்பதிவுக்கு ஒரு சிறு குறிப்பு. மின்விசிறியை நிறுத்துங்கள், துணி நிறைந்த அலமாரி இருக்கிற அறையில் பாடுங்கள், உரத்த இடத்திலும் அளவுமானி −6 டெசிபலைத் தாண்டாமல் பாருங்கள். ஒரு நிமிடம் பதிவு செய்து, இயர்போன் இல்லாமல் கைபேசி ஸ்பீக்கரிலேயே கேளுங்கள். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் கேட்கப் போகிறார்கள். ஒற்றெழுத்துகள் காதில் விழவில்லை என்றால் தம்புராவைக் குறைக்க வேண்டும்.

முதல் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டுதான் சேனலைத் திறக்க வேண்டும். முதல் இரண்டையும் ஒரே நாளில் வெளியிடுங்கள், முழுப் பதிகம் கேட்டவர் உடனே பாடத்துக்குப் போகலாம். மற்றவை அடுத்தடுத்த வெள்ளிக்கிழமைகளில். எல்லாவற்றையும் பதிகத்தின் பெயரில் ஒரே பிளேலிஸ்ட்டில் சேர்த்துவிடுங்கள். ஏற்றும்போது இது குழந்தைகளுக்கான வீடியோவா என்ற கேள்வி வரும். நம்முடையது பெரியவர்களுக்கானது, எனவே இல்லை என்று குறியுங்கள். பக்தி என்பதால் நல்லதுதானே என்று ஆம் போட்டுவிட்டால் கமெண்ட் பகுதி மூடப்படும், உச்சரிப்பைத் திருத்துகிறவர்களின் குரல் உங்களுக்கு எட்டாது. முகப்புப் படத்தின் வலது கீழ் மூலையில் வீடியோவின் நேரம் வந்து மறைக்கும் என்பதால் அங்கே எழுத்தோ திருவடியோ வைக்காதீர்கள்.

ஐந்தாவது வீடியோவை முன்கூட்டியே பதிவு செய்யாமல் விட்டுவையுங்கள். இரண்டாவதும் மூன்றாவதும் வெளியான பிறகு, ஸ்டூடியோவின் Analytics பகுதியில் பார்வையாளர் எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்ற வரைபடத்தைப் பாருங்கள். பொதுவாக அந்தக் கோடு மெல்ல இறங்கிக்கொண்டே போகும். நடுவில் ஓரிடத்தில் அது மேலே எழும்பினால், அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டிருக்கிறார்கள் என்று பொருள். பாடம் சொல்லும் வீடியோவில் அது பெரும்பாலும் கடினமான வரி. மாறாக முதல் அரை நிமிடத்திலேயே கோடு செங்குத்தாக விழுந்தால் தொடக்கத்தில் பேச்சு அதிகம், அல்லது தலைப்பு சொன்னது ஒன்று உள்ளே இருப்பது வேறு. பார்வை குறைவாக இருந்து வரைபடம் வராவிட்டால் கமெண்டில் கேட்டதை வைத்து முடிவு செய்யுங்கள். மூன்றாம் வரியில்தான் மேடு இருக்கிறது என்றால், “கற்றுணைப் பூட்டியோர்” என்ற அந்த ஒரு வரிக்காக மட்டும் ஐந்தாவது வீடியோ: இன்னும் மெதுவாக, ற்று என்ற ஒலியில் நாக்கு எங்கே படுகிறது என்பதைச் சொல்லி, மூன்று நிமிடத்தில். மேடு எங்கேயும் இல்லையென்றால் நான்காம் பாடலுக்குப் போய்விடலாம்.